இரு கண்களிலும் விழித்திரைக் கட்டி: ஆர்பி1 மரபணுவின் வழியே செல் சுழற்சியைப் படிக்கும் ஒரு நிகழ்வு ஆய்வு

நிகழ்வு

கீழே விவரிக்கப்படுவது ஒரு தனிக் குழந்தையின் மருத்துவக் கோப்பு அன்று. விழித்திரைப் புற்றான ரெட்டினோபிளாஸ்டோமாவில் வழக்கமாகக் காணப்படும் கூறுகளை ஒன்றுசேர்த்துப் பாடநோக்கில் அமைக்கப்பட்ட நிகழ்வு இது.

9 மாத ஆண் குழந்தையின் வலக்கண் பாவையில் வெள்ளை ஒளி தெரிவதைப் பெற்றோர் ஒரு புகைப்படத்தில் கவனித்தார்கள். அதே கண் சில வாரங்களாக உட்புறம் திரும்பி, மாறுகண் போலவும் இருந்தது. குழந்தையின் தந்தைக்கு 2 வயதில் இடக்கண் அகற்றப்பட்டிருந்தது. கண்ணில் கட்டி இருந்ததாக மட்டுமே அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது, மரபணுச் சோதனை எதுவும் செய்யப்படவில்லை. 3 வயதான மூத்த சகோதரியின் கண்களில் எக்குறையும் இல்லை.

மயக்கமருந்து கொடுத்துக் கண்களைப் பரிசோதித்தபோது, வலக்கண்ணில் விழித்திரையிலிருந்து எழுந்து உட்புறத்தில் பெரும்பகுதியை நிரப்பிய வெண்ணிறக் கட்டி ஒன்றும், குறை எதுவும் வெளியில் தெரியாத இடக்கண்ணில் ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு சிறிய கட்டிகளும் தெரிந்தன. அல்ட்ராசவுண்டில் வலக்கண் கட்டிக்குள் சுண்ணாம்புப் படிவுகள் இருந்தன. மூளையையும் பார்வை நரம்பையும் காண எம்ஆர்ஐ எடுக்கப்பட்டது. கதிர்வீச்சைப் பயன்படுத்தும் சிடி ஸ்கேன் தவிர்க்கப்பட்டது. அதற்கான காரணம் இந்நோயின் மரபியலிலேயே உள்ளதால் பின்னர் அதற்கு வருவோம்.

ரெட்டினோபிளாஸ்டோமாவில், ஊசி செலுத்தித் திசு எடுத்து நோயை உறுதிசெய்யும் வழக்கம் இல்லை. ஊசி சென்ற பாதை வழியே கட்டிச் செல்கள் கண்ணுக்கு வெளியே பரவக்கூடும் என்பதால், கண்ணில் காணும் தோற்றமும் படச் சோதனைகளுமே நோயறிதலுக்குப் போதுமானவையாகக் கொள்ளப்படுகின்றன. பார்வையை மீட்க வழியில்லாத வலக்கண், பார்வை நரம்பின் நீண்ட துண்டோடு சேர்த்து அகற்றப்பட்டது. இடக்கண்ணுக்குக் கார்போபிளாட்டின், வின்கிரிஸ்டின், எட்டோபோசைடு ஆகிய மருந்துகளும், அவற்றோடு லேசர் சிகிச்சையும் தொடங்கப்பட்டன.

நுண்ணோக்கியில், கருவே பெரும்பகுதியாக உள்ள சிறிய, உருண்டையான, நீலமாகச் சாயமேறும் செல்கள் நெருக்கமாகக் காணப்பட்டன. நடுவில் வெற்றிடம் விட்டு அதைச் சுற்றி வட்டமாக அமைந்த ஃபிளெக்ஸ்னர்–வின்டர்ஸ்டைனர் ரோசெட்டுகள் பல இடங்களில் தெரிந்தன. இரத்த நாளங்களிலிருந்து தள்ளியிருந்த செல்கள் மடிந்து, அப்பகுதிகளில் சுண்ணாம்பு படிந்திருந்தது. ஆர்பி1 மரபணு உருவாக்கும் ஆர்பி புரதத்துக்கான சாயம் கட்டிச் செல்கள் எதிலும் ஏறவில்லை. அருகிலுள்ள இயல்பான செல்களில் அது தெளிவாக ஏறியிருந்தது.

பார்வை நரம்பின் வெட்டு முனையில் கட்டிச் செல்கள் இல்லை. அங்கு அவை இருந்திருந்தால் நோய் மூளையை நோக்கிப் பயணிக்கத் தொடங்கிவிட்டதாகப் பொருள்படும். எனவே நோயியல் அறிக்கையில் மருத்துவர் முதலில் தேடுவதும் அந்த ஒரு வரியைத்தான்.

இரத்தத்தில் ஒரு தவறு, கட்டியில் இரண்டு

குழந்தையின் இரத்தத்திலிருந்து எடுத்த டிஎன்ஏவில், 13ஆம் குரோமோசோமின் நீண்ட கரத்தில் உள்ள ஆர்பி1 மரபணுவின் இரு படிகளில் ஒன்று பழுதடைந்திருந்தது. அர்ஜினின் என்ற அமினோ அமிலத்தைக் குறிக்கும் சிஜிஏ என்ற மூன்றெழுத்துக் கோடான், சி எழுத்து டி ஆனதால், புரதத்தை அங்கேயே முடித்துவிடும் டிஜிஏ என்ற நிறுத்தக் கோடானாகியிருந்தது. சி எழுத்தைத் தொடர்ந்து ஜி வரும் இடங்களில் சி மெத்தில் ஏற்று, பின் அமினோ தொகுதியை இழந்து டி ஆவது எளிது; ஆகவே இம்மரபணுவில் இவ்வகை மாற்றம் வெவ்வேறு குடும்பங்களில் தனித்தனியாகவும் மீண்டும் மீண்டும் தோன்றுகிறது. தந்தையின் இரத்தத்திலும் அதே மாற்றம் இருந்தது.

கட்டியின் டிஎன்ஏவில் நிலைமை வேறு. அங்கே பழுதடைந்த படி மட்டுமே இருந்தது. தாயிடமிருந்து வந்த நல்ல படியைக் காணவில்லை. ஆர்பி1 மரபணுவுக்கு இருபுறமும் உள்ள அடையாளக் குறிகளிலும் தாய்வழி வடிவம் மறைந்து, தந்தைவழி வடிவம் மட்டும் எஞ்சியிருந்தது. ஹெட்டிரோசைகஸ் நிலையின் இழப்பு என்று நோயியல் நூல்கள் கூறுவது இதையே. 1983இல் வெப்ஸ்டர் கவினீயும் உடன் ஆய்வாளர்களும் இந்த முறையில் கட்டியையும் இரத்தத்தையும் ஒப்பிட்டுத்தான், இரண்டாவது இழப்பு அந்தக் குரோமோசோம் பகுதியிலேயே நிகழ்கிறது என்று காட்டினார்கள். மரபணு 1986இல் பிரித்தெடுக்கப்பட்டது.

இரண்டாவது இழப்பு ஒவ்வொரு கட்டியிலும் ஒரே விதமாக நிகழ்வதில்லை. செல் பிரியும்போது நல்ல குரோமோசோம் தவறிப்போய், பழுதடைந்தது இரட்டிக்கலாம். இரு குரோமோசோம்களுக்கிடையே பகுதிப் பரிமாற்றம் நிகழலாம். நல்ல படியில் புதிய எழுத்துப் பிழை ஒன்று ஏற்படலாம். அல்லது எழுத்து எதுவும் மாறாமலேயே அதன் தொடக்கப் பகுதியில் மெத்தில் ஏறி மரபணு அடங்கிப்போகலாம். இடக்கண்ணின் இரண்டு சிறிய கட்டிகளிலிருந்து திசு எடுக்க முடிந்திருந்தால், முதல் தவறு மூன்று கட்டிகளிலும் ஒன்றாகவும், இரண்டாவது தவறு ஒவ்வொன்றிலும் வேறாகவும் இருப்பதற்கே வாய்ப்பு மிகுதி. அவை ஒன்றிலிருந்து ஒன்று பரவியவை அல்ல, தனித்தனியே பிறந்தவை.

அந்தப் புரதம் செய்துகொண்டிருந்த வேலை

செல் சுழற்சியில் ஜி1, டிஎன்ஏ பிரதியாகும் எஸ், ஜி2, செல் பிரியும் எம் என நான்கு கட்டங்கள் உள்ளன. எனினும் இந்நிகழ்வைப் புரிந்துகொள்ள ஜி1 கட்டத்தின் பிற்பகுதியில் உள்ள ஒரே ஓர் இடத்தை ஆழமாக அறிந்தால் போதும். தேர்வு வினாக்களிலும் பெரும்பாலானவை அங்கேயே வந்து சேர்கின்றன. அந்த இடம்வரை செல், வெளியிலிருந்து வரும் வளர்ச்சிக் காரணிகளை நம்பியிருக்கிறது. காரணியை நீக்கினால் பிரிவதைக் கைவிட்டு ஓய்வு நிலைக்குத் திரும்பும். அதைக் கடந்தபின் காரணியை நீக்கினாலும் டிஎன்ஏவைப் பிரதியெடுத்துச் சுழற்சியை முடித்தே தீரும். இந்தக் கட்டுப்பாட்டுப் புள்ளியைக் காப்பது ஆர்பி புரதம்.

அது காப்பது எப்படி என்றால், ஈ2எஃப் என்ற படியெடுப்புக் காரணியைப் பற்றிக்கொண்டு, ஹிஸ்டோன்களிலிருந்து அசிட்டைல் தொகுதியை நீக்கும் நொதிகளையும் அவ்விடத்துக்கு அழைத்துவந்து, ஈ2எஃப் இயக்க வேண்டிய மரபணுக்களை அடக்கிவைக்கிறது. அம்மரபணுக்கள் எவை என்று பார்த்தால், உயிர்வேதியியல் பாடம் நோயியலோடு இணையும் இடம் புலப்படும்: டைஹைட்ரோஃபோலேட் ரிடக்டேஸ், தைமிடிலேட் சிந்தேஸ், ரைபோநியூக்ளியோடைடு ரிடக்டேஸ், டிஎன்ஏ பாலிமரேஸ், சைக்ளின் ஈ, சைக்ளின் ஏ. அதாவது டிஎன்ஏவுக்கு வேண்டிய மூலப்பொருள்களைத் தயாரிக்கும் நொதிகளும், அவற்றைக் கோக்கும் நொதியும், சுழற்சியை அடுத்த கட்டத்துக்குத் தள்ளும் சைக்ளின்களும் ஒரே காரணியின் கீழ் உள்ளன. புற்று மருந்துகளான மெத்தோட்ரெக்சேட்டும் 5-ஃபுளூரோயுராசிலும் தாக்குவது இந்தப் பட்டியலின் முதல் இரண்டு நொதிகளின் வேலையைத்தான்.

வளர்ச்சிக் காரணி ஒன்று செல்லின் ஏற்பியில் பிணையும்போது, ராஸ் புரதத்தின் வழியாகச் செல்லும் சமிக்ஞை சைக்ளின் டி புரதத்தின் அளவை உயர்த்துகிறது. சைக்ளின் டி, சிடிகே4 அல்லது சிடிகே6 நொதியோடு இணைந்து ஆர்பியில் பாஸ்பேட்டுகளை ஏற்றத் தொடங்குகிறது. ஈ2எஃப் சிறிது விடுபட்டவுடன் சைக்ளின் ஈ உருவாகிறது. அது சிடிகே2 நொதியோடு சேர்ந்து ஆர்பியில் மேலும் பாஸ்பேட்டுகளை ஏற்றுகிறது. மேலும் ஈ2எஃப் விடுபடுகிறது. தன்னைத்தானே வலுப்படுத்திக்கொள்ளும் இந்தச் சுற்று ஒருமுறை தொடங்கிவிட்டால் வெளிச் சமிக்ஞை இனித் தேவையில்லை. கட்டுப்பாட்டுப் புள்ளியைக் கடந்த செல் திரும்ப முடியாமைக்குக் காரணம் இதுவே. எம் கட்டத்தின் முடிவில் பாஸ்பட்டேஸ் நொதி பாஸ்பேட்டுகளை அகற்ற, ஆர்பி மறுபடியும் ஈ2எஃப் மீது பிடியை இறுக்குகிறது.

இங்கே மாணவர் தடுமாறுவதை அடிக்கடி காண்கிறேன். பல நொதிகள் பாஸ்பேட் ஏறும்போது விழித்தெழுவதால், ஆர்பியும் அப்படித்தான் என்று எண்ணிவிடுகிறார்கள். உண்மை நேர் எதிரானது: பாஸ்பேட் குறைந்த ஆர்பிதான் வேலை செய்யும் ஆர்பி, பாஸ்பேட் நிறைந்தது பிடியை விட்டுவிட்ட ஆர்பி. வினாவில் செல் ஓய்வில் இருப்பதாகச் சொல்லப்பட்டால் ஆர்பியில் பாஸ்பேட் குறைவு என்றும், எஸ் கட்டத்தில் இருப்பதாகச் சொல்லப்பட்டால் பாஸ்பேட் மிகுதி என்றும் விடை வரவேண்டும். நம் நிகழ்வின் கட்டியில் இந்தக் கேள்விக்கே இடமில்லை, ஏனெனில் பாஸ்பேட் ஏற்றுவதற்கு அங்கே புரதமே இல்லை. ஈ2எஃப் எப்போதும் விடுபட்ட நிலையிலேயே இருக்கிறது.

நட்சனின் கணக்கும் தந்தையின் ஒற்றைக் கண்ணும்

1971இல் ஆல்ஃப்ரெட் நட்சன், 48 நோயாளிகளின் குறிப்புகளைக் கொண்டு, இக்கட்டி தோன்ற இரண்டு தவறுகள் வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். மரபணு எது என்றே தெரியாத காலத்தில், நோய் கண்டறியப்பட்ட வயதையும் கட்டிகளின் எண்ணிக்கையையும் மட்டும் வைத்து அவர் இதைச் சொன்னார் என்பது என்னை இன்றும் வியக்கவைக்கிறது. இரு கண்களிலும் கட்டி உள்ள குழந்தைகளில் கண்டறியப்படாதவர்களின் விகிதம் வயதோடு ஒரே நிகழ்ச்சிக்காகக் காத்திருப்பதுபோல் குறைந்தது. ஒரு கண்ணில் மட்டும் கட்டி உள்ளவர்களில் இரு நிகழ்ச்சிகளுக்குக் காத்திருப்பதுபோல் தாமதமாகக் குறைந்தது.

பிறவியிலேயே ஒரு தவறு உள்ளவருக்குச் சராசரியாக 3 கட்டிகள் தோன்றும் என்று அவர் மதிப்பிட்டார். அந்த ஓர் எண்ணைக் கொண்டு நம் குடும்பத்தைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். கட்டிகள் ஒன்றையொன்று சாராமல் தோன்றுகின்றன என்று கொண்டால், கட்டியே இல்லாமல் தப்பிப்பதற்கான வாய்ப்பு e^-3, அதாவது ஏறக்குறைய 0.05. ஒரு கண்ணுக்குச் சராசரி 1.5 என்பதால், குறிப்பிட்ட ஒரு கண் தப்பிப்பதற்கான வாய்ப்பு e^-1.5, அதாவது 0.22. ஆகவே இரு கண்களும் பாதிக்கப்பட 0.78 × 0.78, ஏறக்குறைய 0.60, ஒரு கண் மட்டும் பாதிக்கப்பட 2 × 0.22 × 0.78, ஏறக்குறைய 0.35. ஒரே தவறைச் சுமக்கும் தந்தைக்கு ஒரு கண்ணிலும் மகனுக்கு இரு கண்களிலும் நோய் வந்திருப்பதற்கு வேறு மரபணுவையோ புறக்காரணத்தையோ தேடவேண்டியதில்லை. இரண்டாவது தவறு எத்தனை செல்களில் விழுந்தது என்ற தற்செயலே போதுமான விளக்கம்.

பிறவித் தவறு இல்லாத குழந்தையில் ஒரே செல்லில் இரு தவறுகளும் அடுத்தடுத்து விழவேண்டும். அது மிக அரிது என்பதால் அவர்களுக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு கட்டி, ஒரே கண்ணில், சற்றுத் தாமதமாகத் தோன்றுகிறது: இரு கண் நோய் ஏறக்குறைய 1 வயதிலும், ஒரு கண் நோய் ஏறக்குறைய 2 வயதிலும் கண்டறியப்படுவது வழக்கம். விழித்திரையின் முன்னோடிச் செல்கள் பிரிவதை நிறுத்தியபின் தவறு விழ ஏற்ற செல்கள் இல்லை. 5 வயதுக்குப் பின் இந்நோய் புதிதாகத் தோன்றுவது அரிதாக இருப்பதும் அதனாலேயே.

குடும்பமரத்தில் இந்நோய் ஓங்கு பண்பாகச் செல்கிறது, பாதிக்கப்பட்டவரின் ஒவ்வொரு குழந்தைக்கும் 50 விழுக்காடு வாய்ப்போடு. செல்லின் அளவிலோ அது ஒடுங்கு பண்பு. ஒரு நல்ல படி இருக்கும்வரை அந்தச் செல் இயல்பாகவே நடந்துகொள்கிறது. இரண்டும் ஒருசேர உண்மையாவது எப்படி? மரபாக வருவது நோயன்று, ஒரு படியின் இழப்பு. விழித்திரையில் உள்ள முன்னோடிச் செல்கள் பல லட்சம் என்பதால், அவற்றில் ஏதேனும் ஒன்றிலாவது மற்றொரு படியும் தவறிப்போவது ஏறக்குறைய உறுதி. எனவே நோய் தலைமுறை தவறாமல் வருவதுபோல் தோன்றுகிறது.

புற்றூக்கி மரபணு வேறுபடும் இடம்

ஆன்கோஜீன் எனப்படும் புற்றூக்கி மரபணுவை விளக்க இதே நோயிலிருந்து ஓர் அரிய வகையை எடுத்துக்கொள்வது பயன் தரும். ஒரு கண்ணில் மட்டும் கட்டி உள்ள குழந்தைகளில் மிகச் சிலரின் கட்டியில் ஆர்பி1 மரபணுவின் இரு படிகளும் பழுதின்றி உள்ளன. அதற்குப் பதிலாக எம்ஒய்சிஎன் என்ற மரபணு பல பத்துப் படிகளாகப் பெருகியிருக்கிறது. 2013இல் விவரிக்கப்பட்ட இவ்வகை, சராசரி ஒரு கண் நோயைவிட மிக இளம் வயதில், வாழ்வின் முதல் சில மாதங்களிலேயே கண்டறியப்படுகிறது.

இங்கே எதுவும் இழக்கப்படவில்லை. இயல்பான புரதமே அளவுக்கு மீறி உற்பத்தியாகிறது. ஒரு குரோமோசோமில் நிகழும் பெருக்கமே போதும், மற்றொரு படி நன்றாக இருப்பது எதையும் தடுப்பதில்லை. ஆகவே புற்றூக்கி மரபணு செல்லின் அளவில் ஓங்கு பண்புடையது. ஒரு குழந்தையின் கண்ணில் ஒரே தோற்றமுள்ள கட்டி இருந்தும், ஒன்றில் இரு இழப்புகளும் மற்றொன்றில் ஒரு பெருக்கமும் காரணமாக இருக்கக்கூடும் என்பதால், ஆர்பி புரதச் சாயம் ஏறிய கட்டியில் எம்ஒய்சிஎன் படிகளை எண்ணிப் பார்ப்பது நியாயமான அடுத்த படி.

பி53, பி16: இரண்டு குழப்பங்கள்

டிஎன்ஏ சேதமடைந்தால் பி53 என்ற புரதம் நிலைபெற்று, பி21 புரதத்தை உருவாக்கச் செய்கிறது. பி21 சிடிகே2 நொதியைத் தடுக்க, ஆர்பியில் பாஸ்பேட் ஏறாமல் செல் ஜி1 கட்டத்தில் நிற்கிறது. பி53 காக்கும் வழியும் இவ்வாறு இறுதியில் ஆர்பியிலேயே வந்து முடிகிறது. பி53 நான்கு அலகுகள் சேர்ந்து செயல்படும் புரதம் என்பதால், இரு படிகளில் ஒன்று மட்டும் பழுதாகி இரு வகை அலகுகளும் சம அளவில் உருவானாலும், நான்கும் நல்லவையாக அமையும் கூட்டங்கள் 16இல் 1 மட்டுமே. ஆகவே ஆர்பி1 போல, இழப்பினால் கட்டிக்கு வழிவிடும் கட்டி அடக்கி மரபணுவாக இருந்தும், இரண்டாவது தவறு விழுவதற்கு முன்பே அதன் ஆற்றலில் பெரும்பகுதி போய்விடக்கூடும். ஆர்பி1 இழப்பில் இத்தகைய குறுக்கீடு இல்லை. நிறுத்தக் கோடான் உள்ள படி நல்ல படியின் வேலையைக் கெடுப்பதில்லை.

பி16 குறித்த குழப்பம் இன்னும் நுட்பமானது. பி16 சிடிகே4 நொதியைத் தடுக்கும் புரதம். எனவே அது ஒரு கட்டி அடக்கி. அப்படியானால் கருப்பைவாய்ப் புற்றில் பி16 சாயம் அடர்த்தியாக ஏறுவதை நோயியலாளர் நோயின் அடையாளமாகக் கொள்வது ஏன்? இப்புற்றுக்குக் காரணமான எச்பிவி வைரஸின் ஈ7 புரதம் ஆர்பியைப் பற்றி அழித்துவிடுகிறது. இயல்பாக ஆர்பி பி16 உருவாவதை அடக்கிவைப்பதால், ஆர்பி போனதும் பி16 குவிகிறது. ஆனால் பி16 தடுப்பது ஆர்பிக்கு மேலே உள்ள நொதியை. கீழே ஆர்பியே இல்லாதபோது அந்தத் தடுப்பினால் பயன் எதுவும் இல்லை. மார்பகப் புற்றில் 2015 முதல் பயன்பாட்டில் உள்ள பால்போசைக்ளிப் என்ற மருந்து, பி16 செய்யும் வேலையையே செய்கிறது. ஆர்பியை இழந்த கட்டியில் அது பலன் தராததற்கும் காரணம் இதுவே. நம் குழந்தையின் கட்டிக்கு இம்மருந்து பொருந்துமா என்று கேட்டால், பொருந்தாது என்பதே விடை.

குழந்தைக்கும் குடும்பத்துக்கும் இதனால் வருவது

இக்குழந்தையின் ஒவ்வொரு செல்லிலும் ஒரு படி மட்டுமே நல்லது. அது விழித்திரையோடு நிற்கும் செய்தியன்று: வளரும் பருவத்தில் எலும்புப் புற்றான ஆஸ்டியோசார்கோமாவும், பின்னர் மென்திசுச் சார்கோமாவும் மெலனோமாவும் வரும் வாய்ப்பு இவர்களுக்கு மிகுதி. கண்ணைச் சுற்றிக் கதிர்வீச்சு கொடுக்கப்பட்டால், குறிப்பாக முதல் வயதுக்குள் கொடுக்கப்பட்டால், அப்பகுதியின் எலும்பிலும் தசையிலும் எஞ்சியிருக்கும் நல்ல படியைக் கதிர்வீச்சே அழித்துவிடக்கூடும். சிடி ஸ்கேனைத் தவிர்த்ததும், இடக்கண்ணைக் கதிர்வீச்சு இன்றி மருந்தாலும் லேசராலும் காக்க முயல்வதும் இதன் பொருட்டே. மூளையின் பினியல் சுரப்பியிலும் இதையொத்த கட்டி தோன்றக்கூடும் என்பதால் எம்ஆர்ஐ அப்பகுதியையும் உள்ளடக்க வேண்டும்.

குடும்பத்தில் ஒருவருக்கு மட்டும், ஒரு கண்ணில் மட்டும் நோய் வந்திருந்தால் பிறவித் தவறு இல்லை என்று உடனே முடிவு செய்துவிடலாகாது. அத்தகையவர்களில் 10 முதல் 15 விழுக்காட்டினர் அதைச் சுமக்கிறார்கள். உடலின் ஒரு பகுதிச் செல்களில் மட்டும் தவறு இருக்கும் கலப்பு நிலையும் உண்டு. அப்போது இரத்தச் சோதனை அதைத் தவறவிடக்கூடும். எனவே இயன்றபோதெல்லாம் முதலில் கட்டியில் இரு தவறுகளையும் அடையாளம் கண்டு, பின் அவற்றை இரத்தத்தில் தேடுவதே உறுதியான வழி. இந்தக் குடும்பத்தில் தந்தையும் மகனும் ஒரே மாற்றத்தைச் சுமப்பதால் அந்தச் சிக்கல் எழவில்லை.

சகோதரிக்குப் பிறக்கும்போது 50 விழுக்காடு வாய்ப்பு இருந்தது. 3 வயதுவரை நோயின்றி இருப்பது அந்த எண்ணை மாற்றுகிறது. தவறைச் சுமப்பவர்களில் 90 விழுக்காட்டினருக்கு அந்த வயதுக்குள் கட்டி வெளிப்பட்டுவிடும் என்று கணக்குக்காகக் கொண்டால், அவள் அதைச் சுமப்பதற்கான வாய்ப்பு 0.05 / 0.55, அதாவது ஏறக்குறைய 9 விழுக்காடு. கண்ணைப் பொறுத்தவரை இது நல்ல செய்தி. ஆயினும் அந்த 9 விழுக்காட்டுக்குள் அவள் இருந்தால், கட்டி இல்லாமலே தவறைச் சுமந்து, பிற புற்றுகளின் அபாயத்தோடு, தன் குழந்தைகளுக்கும் 50 விழுக்காடு வாய்ப்பில் அதைக் கடத்துவாள். ஆகவே அவளது இரத்தத்தில் அந்த ஒரு கோடானை மட்டும் சோதித்தார்கள். அவளது இரு படிகளிலும் அது சிஜிஏ ஆகவே இருந்தது. அவளுக்கு இனி மயக்கமருந்து கொடுத்துக் கண் பரிசோதனை செய்யவேண்டியதில்லை என்று குறிப்பெழுதி அவளது கண்காணிப்பு முடிக்கப்பட்டது.